வயோமிங் பெரிதா, நியூ ஜெர்சி பெரிதா?

அமெரிக்கத் தேர்தல் முடிவைச் சாதாரண வரைபடத்தில் பார்த்தால், வயோமிங் மாநிலம் நியூ ஜெர்சியைவிடச் சுமார் 11 மடங்கு பெரிதாகத் தெரியும். ஆனால் 2020 கணக்கெடுப்பின்படி வயோமிங்கில் 5.8 லட்சம் பேர்தான். நியூ ஜெர்சியில் கிட்டத்தட்ட 93 லட்சம். ஆளில்லாத நிலத்துக்குப் பூசிய நிறம்தான் கண்ணை இழுக்கிறது.

கார்டோகிராம் என்ற வகை வரைபடத்தில் மக்கள்தொகைக்கு ஏற்ப மாநிலத்தின் பரப்பு மாறும். நியூ ஜெர்சி வயோமிங்கைவிட 16 மடங்கு பெரிதாகிவிடும். சரி, ஆனால் மாநிலங்கள் உப்பியும் சுருங்கியும் போவதால் எது எங்கே என்று தேட வேண்டியிருக்கும்.

அதிபரைத் தேர்ந்தெடுக்க ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒதுக்கப்பட்டவை தேர்வாளர் வாக்குகள். ஒரு தேர்வாளர் வாக்குக்கு ஓர் அறுகோணம் என அடுக்கும் வகை படிக்க எளிது: வயோமிங்குக்கு 3, நியூ ஜெர்சிக்கு 14. யார் ஜெயித்தார் என்று சொல்ல நான் இதைத்தான் எடுப்பேன். ஆனால் இதை மக்கள்தொகைப் படம் என்று தலைப்பிடக் கூடாது. 16 மடங்கு வித்தியாசம் இதில் 5 மடங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது.