ரெகுலேட்டர் பக்கமா, சிப் பக்கமா: 100 நானோஃபாரட் எங்கே உட்கார வேண்டும்?

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் பக்கத்து மாந்தோப்புகளில் போர்வெல் மோட்டாரை செல்போனிலிருந்தே ஓட்டி நிறுத்தும் கன்ட்ரோலர் பெட்டிகள் பல ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் தொங்குகின்றன. பெட்டிக்குள் ஒரு ஜிஎஸ்எம் மாட்யூல், ஒரு மைக்ரோகன்ட்ரோலர், ஒரு சின்ன எல்சிடி, ரிலேக்கள். போர்டு பெரும்பாலும் இரண்டே லேயர், 1.6 மில்லிமீட்டர் தடிமன். சிப் திடீரென்று கேட்கும் கரண்டை உடனே கொடுக்க, இப்படிப்பட்ட போர்டில் மைக்ரோகன்ட்ரோலரின் 3.3 வோல்ட் பின்னுக்கு கெப்பாசிட்டர் வைக்க நடைமுறையில் மூன்று வழிகளைப் பார்க்கிறேன். மூன்றையும் ஒரே சிப், ஒரே வேலை என்று வைத்து ஒப்பிடலாம்.

முதல் வழி, ரெகுலேட்டர் வாசலில் பெரிய எலக்ட்ரோலிட்டிக் ஒன்று, அதோடு சரி. இரண்டாவது, சிப்புக்கென்று 100 நானோஃபாரட் செராமிக் போட்டிருப்பார்கள், ஆனால் இடம் இல்லை என்று 20 மில்லிமீட்டர் தள்ளி. மூன்றாவது, அதே 100 நானோஃபாரட், பின்னிலிருந்து 2 மில்லிமீட்டருக்குள்.

இரண்டாம் வழியையும் மூன்றாம் வழியையும் பார்த்து, ஓசூரில் ரிப்பேர் பார்க்கும் ஒரு தம்பி என்னிடம் கேட்டான்: "அண்ணா, ரெண்டு போர்டுலயும் அதே கண்டன்சர்தானே, கணக்குக்கு ரெண்டும் ஒண்ணுதானே?" சர்க்யூட் வரைபடத்தில் ஒன்றுதான். ஆனால் வரைபடத்தில் கோட்டின் நீளத்துக்குப் பொருள் கிடையாது, போர்டில் உண்டு.

வேலையை எடுத்துக்கொள்வோம். எல்சிடிக்குப் போகும் எட்டு டேட்டா லைன்களும் ஒரே நேரத்தில் 0-விலிருந்து 1-க்கு மாறுகின்றன. அந்தக் கணத்தில் சிப் கூடுதலாக 50 மில்லிஆம்பியர் கேட்கிறது, அதுவும் 1 நானோசெகண்டில் ஏறும் கரண்ட். கேட்பது மொத்தம் 5 நானோசெகண்ட் என்று வைத்தால் தேவைப்படும் சார்ஜ் 250 பிக்கோகூலம். 100 நானோஃபாரட்டிலிருந்து அவ்வளவை எடுத்தால் அதன் வோல்டேஜ் இறங்குவது 2.5 மில்லிவோல்ட். இந்தக் கணக்கில் தூரம் எங்குமே வரவில்லை. சேமிப்பு போதுமா என்ற கேள்விக்கு இரண்டாம் வழியும் மூன்றாம் வழியும் ஒரே மாதிரி தாராளமாகத் தேறுகின்றன.

பிரிவது அந்தச் சார்ஜ் பின்னுக்கு வந்து சேரும் வழியில். செம்புத் தடம் ஒவ்வொன்றுக்கும் இண்டக்டன்ஸ் உண்டு. நீளமான டெலிவரி பைப்பில் நிற்கும் தண்ணீரை உடனே வேகமாக ஓட வைக்க முடியாது, முதலில் அதன் கனம் தடுக்கும்; அதுபோல இண்டக்டன்ஸ் கரண்ட் திடீரென்று ஏறுவதைத் தடுக்கும். தோராயக் கணக்குக்கு மில்லிமீட்டருக்கு 1 நானோஹென்ரி என்று எடுக்கலாம். இதில் போகும் தடம் மட்டுமல்ல, கிரவுண்ட் வழியாகத் திரும்பும் பாதையும் சேர்ந்த வளையம்தான் கணக்கு.

V = L × di/dt

20 மில்லிமீட்டர் தள்ளி இருந்தால் 20 நானோஹென்ரி. 50 மில்லிஆம்பியர், 1 நானோசெகண்ட். விடை 1 வோல்ட். 3.3 வோல்ட் பின் ஒரு கணம் 2.3-க்குப் போகிறது. 2 மில்லிமீட்டரில் வைத்தால் தடத்துக்கு 2, கெப்பாசிட்டரின் உடம்புக்கே சுமார் 1, ஆக 3 நானோஹென்ரி, இறக்கம் 0.15 வோல்ட். சிப்புக்குள்ளேயே கொஞ்சம் கெப்பாசிட்டன்ஸ் இருப்பதால் நிஜத்தில் முழு 1 வோல்ட்டும் இறங்காது. ஆனால் பாதி இறங்கினாலே, வோல்டேஜை எண்ணாக மாற்றும் ஏடிசியின் அளவு தள்ளாடும். மோட்டார் தண்ணீரில்லாமல் ஓடுகிறதா என்று கரண்ட்டை வைத்துக் கண்டுபிடிக்கும் பெட்டிக்கு அது போதும், காரணமில்லாமல் மோட்டாரை நிறுத்திவிடும். ரீசெட் சர்க்யூட் காப்பாற்றும் என்றும் நம்ப முடியாது. இவ்வளவு குறுகிய இறக்கத்தை அது கவனிப்பதே இல்லை.

அதிர்வெண் கணக்கில் பார்த்தாலும் இதேதான். 20 நானோஹென்ரியோடு சேர்ந்த 100 நானோஃபாரட், சுமார் 3.6 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் கெப்பாசிட்டராக நடந்துகொள்வதை நிறுத்தி வெறும் இண்டக்டராகிவிடுகிறது. 50 மெகாஹெர்ட்ஸில் சிப் பார்க்கும் தடை, அதாவது இம்பிடன்ஸ், 6 ஓமுக்கு மேல். பக்கத்தில் இருப்பதோ அதே இடத்தில் 1 ஓமுக்குள்.

சரி, தள்ளி இருப்பதை 10 மைக்ரோஃபாரட்டாக மாற்றினால்? பலரும் முதலில் செய்வது இதுதான், பயன் இல்லை. 50 மெகாஹெர்ட்ஸில் அந்த 6 ஓம் முழுக்க தடத்துடையது. கெப்பாசிட்டரின் மதிப்பு அதில் பங்கே எடுப்பதில்லை. 100 நானோ, 10 நானோ, 1 நானோ என்று வரிசையாக அடுக்கும் பழைய வழக்கமும் எனக்கு ஒப்புதல் இல்லை. மூன்றும் ஒரே 0603 அளவு என்றால் மூன்றுக்கும் இண்டக்டன்ஸ் ஏறக்குறைய ஒன்றே. போதாததற்கு, ஒன்று இண்டக்டராகவும் மற்றது கெப்பாசிட்டராகவும் இருக்கும் இடைப்பட்ட அதிர்வெண்ணில் இரண்டும் சேர்ந்து இம்பிடன்ஸை ஏற்றிவிடவும் செய்யும்.

இவ்வளவு சொன்னதால் முதல் வழி வீண் என்று ஆகாது. அது வேறு கேள்விக்கு விடை. ஜிஎஸ்எம் மாட்யூல் பேசும்போது 4.615 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை, 577 மைக்ரோசெகண்ட் நேரம், 2 ஆம்பியர் வரை இழுக்கும். ஒரு துடிப்புக்கு 1.15 மில்லிகூலம். இங்கே 100 நானோஃபாரட் எத்தனை மில்லிமீட்டர் பக்கத்தில் இருந்தாலும் ஒன்றும் நடக்காது. 1000 மைக்ரோஃபாரட்டே, ரெகுலேட்டர் ஒன்றும் கொடுக்காவிட்டால், ஒரு வோல்ட்டுக்கு மேல் இறங்கும். இந்த மெதுவான வேலைக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் தூரம் பெரிய குற்றம் இல்லை. தடம் அகலமாக இருக்க வேண்டும், கெப்பாசிட்டரின் உள் தடையான ஈஎஸ்ஆர் குறைவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆக இந்தப் பெட்டிக்கு முதலும் மூன்றாவதும் சேர்ந்தே வேண்டும். இரண்டாவதுக்குத்தான் காசு கொடுத்தும் பலன் இல்லை.

மூன்றாவதிலும் ஏமாற வழி உண்டு. கெப்பாசிட்டர் பின்னை ஒட்டி இருக்கும், அதன் கிரவுண்ட் கால் மட்டும் மெல்லிய தடத்தில் 15 மில்லிமீட்டர் சுற்றிப் போய், லேயர்களை இணைக்கும் துளையான வயாவில் இறங்கும். பார்வைக்குப் பக்கம், வளையமாக அளந்தால் தூரம். கிரவுண்ட் வயா பேடை ஒட்டியே இருக்கட்டும். சிப்பில் எத்தனை பவர் பின் இருக்கிறதோ அத்தனைக்கும் தனித்தனி கெப்பாசிட்டர் வேண்டும்.

நான்கு லேயர் போர்டில் இந்தக் கண்டிப்பு தளரும். பவர், கிரவுண்ட் இரண்டும் நெருக்கமான முழுத் தகடுகளாக இருந்தால் தூரத்துக்கான இண்டக்டன்ஸ் வெகுவாகக் குறையும். அங்கே வயாவும் பேடும்தான் பெரும்பங்கு. சில நூறு மெகாஹெர்ட்ஸுக்கு மேலே எந்த போர்டிலும் வெளிக் கெப்பாசிட்டருக்கு வேலை முடிந்துவிடுகிறது. சிப்பின் உள் வயர்களே தடுத்துவிடும், பிறகு உள்ளே இருக்கும் கெப்பாசிட்டன்ஸ்தான் துணை.

சந்தேகம் வந்தால் ஆஸிலோஸ்கோப்பில் பார்க்கலாம், ஆனால் புரோபின் நீளமான முதலை கிளிப்போடு அல்ல. அந்த வயரே ஒரு வளையம், இல்லாத இறக்கத்தையும் காட்டும். புரோப் முனையில் சின்ன ஸ்பிரிங் கிரவுண்ட் மாட்டி, சிப்பின் பவர் பின்னிலும் அதற்கு அடுத்த கிரவுண்ட் பின்னிலும் நேராக வைக்க வேண்டும், ஸ்கோப்பின் 20 மெகாஹெர்ட்ஸ் பேண்ட்விட்த் லிமிட்டை அணைத்துவிட்டு. எல்சிடி எழுதும்போது கூர்மையான பள்ளமும் அதைத் தொடர்ந்து ஆட்டமும் தெரிந்தால் தூரம்தான் காரணமாக இருக்கும். ஏற்கெனவே தோப்பில் ஓடிக்கொண்டிருக்கும் போர்டு என்றால் மாற்றி அச்சடிக்கத் தேவையில்லை. பல சிப்களில் பவர் பின்னும் கிரவுண்ட் பின்னும் அடுத்தடுத்தே இருக்கும், அந்த இரண்டு கால்களின் மேலேயே ஒரு 0603 செராமிக்கைக் குறுக்கே வைத்து ஈயம் வைத்துவிடலாம். பழைய கெப்பாசிட்டரைக் கழற்றக்கூட வேண்டாம்.