அறுபதாம் கல்யாணப் படத்தை ஓவியமாக்கக் கொடுத்து ஏமாந்தேன்: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

திருக்கடையூரில் அப்பா அம்மாவுக்கு அறுபதாம் கல்யாணம் நடந்தபோது எடுத்த போட்டோ ஒன்றை ஓவியமாக்கி, பெரிதாகச் சட்டம் போட்டுக் கொடுக்க ஆசைப்பட்டேன். "கையால் வரையும் டிஜிட்டல் ஓவியம்" என்று விளம்பரம் செய்திருந்த ஒருவரிடம் 2,800 ரூபாய் முழுவதையும் முன்பணமாகவே கட்டினேன். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. இதே வேலையைப் பலர் செய்கிறார்கள், அதனால் எப்படி ஏமாற்றப்பட்டேன் என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

இரண்டு நாளில் படம் வந்தது. மாலை, பட்டுப்புடவை, பின்னால் இருந்த தூண் எல்லாம் அழகாக இருந்தன. முகங்கள்தான் வேறு யாருடையவோ. அம்மாவுக்கு இரண்டு பக்கமும் மூக்குத்தி உண்டு, படத்தில் ஒன்றுகூட இல்லை. அப்பாவின் நெற்றியில் இருந்த விபூதிப் பட்டை சுருக்கமாக மாறியிருந்தது. படத்தைப் பார்த்த அம்மா "யாருப்பா இவங்க?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

சித்தப்பா மகன் இந்த வேலை தெரிந்தவன். நல்லவேளையாக அந்தப் படம் வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக வராமல் டாக்குமென்டாக, PNG கோப்பாகவே வந்திருந்தது. ஏஐ மூலம் படம் உருவாக்கும் `AUTOMATIC1111` மென்பொருளில், படம் எந்த அமைப்புகளில் உருவானது என்று காட்டும் `PNG Info` பக்கத்தில் அவன் அதைப் போட்டதும் கீழே இந்த வரி வந்தது:

```
Steps: 30, CFG scale: 7, Size: 512x768, Denoising strength: 0.75
```

"அண்ணா, இதுல யாரும் எதுவும் வரையல. போட்டோவை ஸ்டேபிள் டிஃப்யூஷன்ங்கற ஏஐல போட்டு பட்டனை அமுக்கியிருக்காங்க. 0.75ங்கறது அதுல முதல்லயே இருக்கற எண், அதைக்கூட மாத்தல" என்றான்.

அந்த எண் என்ன செய்கிறது என்பதையும் விளக்கினான். மென்பொருள் நம் போட்டோவின்மேல் முதலில் இரைச்சல் எனப்படும் தாறுமாறான புள்ளிகளைத் தூவுகிறது, பிறகு எழுத்தில் கொடுத்த விவரிப்பைப் பார்த்துக்கொண்டே அதைப் படிப்படியாக நீக்குகிறது. எவ்வளவு தூவுவது என்பதுதான் அந்த எண். 0.75 என்றால் 30 படிகளில் சுமார் 22 படிகள் ஓடும். அந்த அளவு இரைச்சலில் யார் எங்கே நிற்கிறார்கள் என்பதும் பெரிய நிறத்திட்டுகளும்தான் தப்பும். முகம் முழுக்கப் புதிதாக உருவாகும்.

நான் புகார் சொன்னதும் "திருத்தி" இன்னொன்று அனுப்பினார். அதைப் பார்த்தபோது அந்த எண் 0.2. முகம் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது, ஆனால் ஓவியமும் இல்லை. தோலை மட்டும் மழுப்பிய போட்டோ. மூன்றாவது முறைக்கு இன்னும் 800 ரூபாய் கேட்டார். எண்ணை ஏற்றி இறக்குவதற்கு 800 ரூபாய்!

அப்புறம் தம்பியும் நானும் உட்கார்ந்து நாங்களே செய்து பார்த்தோம். எந்த இரைச்சல் தூவப்படும் என்பதைத் தீர்மானிக்கும் சீட் எண்ணை மாற்றாமல் 0.3, 0.4, 0.5, 0.6 என நான்கு படங்கள் எடுத்தோம். சீட் மாறினால் வித்தியாசம் எதனால் வந்தது என்றே தெரியாது. 0.4 வரை போட்டோ வாடைதான். 0.5இல் துணியும் மாலையும் தூரிகைத் தீற்றலாக மாறின. 0.6இல் நல்ல ஓவியம், ஆனால் அம்மா மறுபடி காணாமல் போனார். முழுப்படத்துக்கும் ஒரே எண்ணை வைத்து இதைத் தீர்க்க முடியாது என்று அப்போதுதான் புரிந்தது.

காரணம் முகத்தின் அளவு. இந்த மென்பொருள் படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாகச் சுருக்கித்தான் வேலை செய்கிறது. 768 பிக்சல் உயரப் படத்தில் அம்மாவின் முகம் ஏறத்தாழ 70 பிக்சல், அதாவது ஒன்பது கட்டம்தான். மூக்குத்தி ஒரு கட்டத்துக்கும் குறைவு. எண்ணைக் குறைத்தாலும் அவ்வளவு சிறிய முகம் கொஞ்சம் சிதையத்தான் செய்யும்.

எனவே வேலையை இரண்டாகப் பிரித்தோம். கோட்டுருவத்தைப் பிடித்து வைக்கும் கன்ட்ரோல்நெட்டைச் சேர்த்து முழுப்படத்தை 0.55இல் ஓட்டினோம். பிறகு அந்த ஓவியத்தில் அசல் போட்டோவின் இரு முகங்களையும் ஒட்டி, ஒவ்வொரு முகத்தின்மேலும் தனியாக மாஸ்க் பூசி அந்த இடத்தை மட்டும் குறித்து, `Only masked` தேர்வில் 0.3இல் ஓட்டினோம். அந்தத் தேர்வு முகத்தை மட்டும் பெரிதாக்கிச் செய்து திரும்ப ஒட்டுவதால் கட்டங்கள் போதுமான அளவு கிடைக்கின்றன. விபூதிப் பட்டை வந்தது. ஒரு மூக்குத்தி வந்தது, இன்னொன்றைத் தம்பி கையால் வைத்தான்.

நீங்கள் யாரிடமாவது கொடுப்பதாக இருந்தால் பாதிப் பணத்துக்குமேல் முன்னால் கட்டாதீர்கள். முழுப்பணம் தரும் முன் முகத்தை மட்டும் பெரிதாக்கி அனுப்பச் சொல்லி, மச்சம், மூக்குத்தி, பல்வரிசையை அசலோடு ஒப்பிடுங்கள். PNG கோப்பை டாக்குமென்டாகவே கேளுங்கள். படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் சுருக்கும்போது அந்த அமைப்பு வரி அழிந்துவிடும். வரி இல்லை என்பதாலேயே கையால் வரைந்தது என்று நம்பவும் வேண்டாம், அதை எளிதாக நீக்கிவிடலாம்.

அந்த PNG வரியைக் காட்டிய பிறகு அவர் 1,000 ரூபாய் திருப்பினார். மீதி 1,800 ரூபாய் இன்னும் வரவில்லை.