படுக்க வைப்பதா, நிறுத்தி வைப்பதா: ஒரு பேரிங் ஹவுசிங்குக்கு இரண்டு பேட்டர்ன்கள்

சுருக்கம், மெஷினிங் அலவன்ஸ், டிராஃப்ட், கோர் பிரிண்ட் என்று தனித்தனியாகப் படித்துவிட்டு வரைபடத்தில் ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போனால் பேட்டர்ன் சரியாக வராது. பார்ட்டிங் லைனை எங்கே போடுகிறோம் என்பதை வைத்துத்தான் மற்றவையெல்லாம் அமையும். ஒரே ஹவுசிங்கை இரண்டு விதமாகப் பிரித்துப் பார்ப்போம்.

சாம்பல் நிற வார்ப்பிரும்பில் ஒரு உருளை. வெளிவிட்டம் 120 மி.மீ, மொத்த நீளம் 150, நடுவில் நேராக ஓடும் 70 மி.மீ துளை. ஒரு முனையில் 180 விட்டம், 20 கனத்தில் ஃபிளேஞ்ச். துளையும் இரண்டு முனை முகங்களும் மெஷினிங். வெளிப்புறம் வார்த்தபடியே இருக்கும். மரப் பேட்டர்ன், பச்சை மணல், சுருக்கம் 1 சதவீதம், மெஷினிங் அலவன்ஸ் பக்கத்துக்கு 3 மி.மீ, டிராஃப்ட் 1.5 டிகிரி.

முதல் வழி, படுக்க வைப்பது. உருளையின் மைய அச்சு வழியாகப் பார்ட்டிங் போட்டு, பேட்டர்னை இரண்டு பாதியாகச் செய்கிறோம். வட்டமான உடல் தானாகவே மணலைவிட்டு விலகும், அதற்கு டிராஃப்ட் தேவையே இல்லை. முனை முகங்களுக்கு மட்டும் போதும். ஃபிளேஞ்சின் ஆரம் 90 என்பதால் பார்ட்டிங் லைனில் ஒரு முகத்துக்குச் சுமார் 2.4 மி.மீ கூடும். முன்முகத்தை எப்படியும் லேத்தில் கடைவோம், அதனால் அங்கே கவலையில்லை.

இரண்டாவது வழி, நிறுத்தி வைப்பது. ஃபிளேஞ்ச் கீழே டிராகில், உடல் மேலே கோப்பில். முகம் அடியில் இருப்பதால் சுத்தமாக வரும். ஆனால் 130 மி.மீ உயர உடலை மணலிலிருந்து இழுக்க டிராஃப்ட் வேண்டும். மேல்முனையை 120-ஆக வைத்தால், ஃபிளேஞ்ச் அடியில் ஒரு பக்கத்துக்கு 3.4, விட்டத்தில் 6.8 மி.மீ ஏறுகிறது. அந்தக் கூம்பு மெஷினிங்கில் போகாது. ஒவ்வொரு வார்ப்பிலும் சுமார் 0.6 கிலோ இரும்பு வீணாகச் சேரும். மேல்முனையில் கசடும் வாயுவும் தங்கும் என்பதால் அங்கே 3-க்குப் பதில் 5 மி.மீ அலவன்ஸ் வைப்பேன்.

இப்போது நீளக் கணக்கு. முதலில் மெஷினிங் அலவன்ஸ், அப்புறம் அந்த மொத்தத்தின் மீது சுருக்கம். படுக்கையில் 150 + 3 + 3 = 156, அதை 1.01-ஆல் பெருக்கினால் 157.6. நிறுத்தினால் 158-இலிருந்து 159.6. இவை டிராஃப்ட் சேர்க்காத அளவுகள். துளையில்தான் பலர் தடுமாறுகிறார்கள். வார்ப்பு சுருங்கும்போது துளையும் சேர்ந்தே சிறிதாகும், அதனால் கோர் பாக்ஸ் பெரிதாக வேண்டும். 70-இல் பக்கத்துக்கு 3 கழித்தால் 64, கோர் பாக்ஸ் 64.6. சுருக்கத்தையும் சேர்த்துக் கழித்தால் துளை தேவையைவிடச் சிறிதாகி, லேத்தில் வீண் வேலை ஏறும்.

கோர் பிரிண்டில்தான் உண்மையான போட்டி. படுத்திருக்கும் கோரை உருகிய இரும்பு மேலே தூக்கும். நம் கோர் இடம்பெயர்க்கும் இரும்பு ஏறத்தாழ 3.5 கிலோ, அந்தப் பகுதி கோரின் எடை 0.8 கிலோ. மீதி 2.7 கிலோ விசையை இரண்டு முனை பிரிண்டுகளும் தாங்க வேண்டும். ஆளுக்கு 40 மி.மீ நீளம் கொடுத்தால் இந்தக் குட்டையான கோருக்குத் தாராளம். பிரிண்டில் இடைவெளி அதிகமானாலோ மணல் இடி தளர்வாக இருந்தாலோ கோர் மேலே நகரும். வார்ப்பைத் திருப்பி, மோல்டில் மேலே இருந்த சுவரையும் கீழே இருந்த சுவரையும் முனையில் அளந்தாலே தெரிந்துவிடும். 28, 28 வர வேண்டிய இடத்தில் 27, 29 வந்தால் கோர் ஒரு மி.மீ எழும்பியிருக்கிறது. பக்கவாட்டில் வெளிப்புறத்தில் படி தெரிந்தால் அது வேறு கோளாறு, கோப்பும் டிராகும் விலகியதால் வந்தது. இரண்டும் துளைக்கு வைத்த அந்த 3 மி.மீ அலவன்ஸைத்தான் தின்னும்.

நிற்கும் கோருக்கு இந்தத் தூக்கல் இல்லை, அடி பிரிண்ட் இறுக்கமாக இருக்கும்வரை. அங்கே இரும்பு கசிந்து கோருக்கு அடியில் புகுந்தால் மொத்தமாக எழும்பும். அதனால் அடி பிரிண்டுக்குச் சரிவு குறைவாகவும், கோப்பை மூடும்போது மணல் உரசி உதிராமல் இருக்க மேல் பிரிண்டுக்குச் சரிவு கூடுதலாகவும் கொடுப்பது வழக்கம். மேல் பிரிண்ட் வழியாக வாயு வெளியேறத் துளையும் வேண்டும்.

இந்த ஹவுசிங்குக்கு நான் படுக்க வைப்பதையே தேர்ந்தெடுப்பேன். வெளிப்புறம் கடையப்படாமல் இருப்பதால் கூம்பு வேண்டாம், கோரோ குட்டை. ஆனால் இதே ஹவுசிங் 60 மி.மீ நீளமாக இருந்தால் உடல் 40 தான், டிராஃப்ட் பக்கத்துக்கு ஒரு மி.மீ-யில் முடிந்துவிடும். அப்போது நிறுத்தி வைப்பேன். கோப்பும் டிராகும் சற்று விலகினாலும் உடலின் வட்டத்தில் படி விழாது, ஃபிளேஞ்ச் முகமும் சுத்தமாக வரும்.