ஊர்ப் பெயரை விட்டுவிட்டுத் தேதியைப் பாருங்கள்: 'Your devices' பக்கமும் நானும்

ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருக்கும் நண்பர் போன வாரம் கேட்டார். "கூகுள் கணக்கு எந்தெந்த மெஷின்ல ஓப்பன் ஆகியிருக்குன்னு காட்டுற பக்கத்தை நீ அடிக்கடி பார்க்குறியே, அதுல உண்மையிலேயே பிரயோஜனம் இருக்கா?" போனில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை, அதனால் எழுதுகிறேன்.

பக்கம் இருக்கும் இடம் பலருக்கும் தெரியும். myaccount.google.com போய் Security பகுதியில் 'Your devices'. இப்போது லாகினில் இருக்கும் கருவிகளும் கடந்த சில வாரங்களில் இருந்தவையும் அங்கே வரும். ஒரே போன் இரண்டு மூன்று தடவை வந்தால் பயப்பட வேண்டாம். புதிதாக வேறு பிரவுசரில் திறந்தாலோ, போனை ரீசெட் செய்து மறுபடி லாகின் செய்தாலோ தனி செஷனாக, அதாவது தனி லாகினாகக் காட்டும். இதுவரை எனக்கு எந்தக் குறையும் இல்லை.

எரிச்சல் எல்லாம் அந்த ஊர்ப் பெயரால்தான். கூகுள் மட்டுமல்ல, லாகின் விவரம் காட்டும் மற்றச் சேவைகளிலும் ஊர்ப் பெயர் பெரும்பாலும் நம் இணைய இணைப்பின் எண்ணான ஐபி முகவரியை வைத்துப் போடும் ஊகம். நம் மொபைல் டேட்டா காரைக்குடி டவரில் ஏறினாலும் இணையத்துக்குள் நுழைவது அந்த நிறுவனத்தின் வாசல் எந்தப் பெரிய நகரத்தில் இருக்கிறதோ அங்கேதான். அதனால் கானாடுகாத்தானில் திண்ணையில் உட்கார்ந்து மெயில் பார்ப்பவருக்கு 'Chennai' என்று வரலாம், வேறு மாநிலத்து ஊர்கூட வரலாம். வேண்டுமானால் நீங்களே சோதித்துப் பாருங்கள். வைஃபையில் ஒரு தடவை, அதை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் ஒரு தடவை, உங்கள் கையில் இருக்கும் போனுக்கான வரியைப் பாருங்கள். போன் நகர்ந்திருக்காது, ஊர் மாறியிருக்கலாம்.

எங்கள் தெருவில் ஒரு ஆச்சி பழைய வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் விருந்தினர்களைத் தங்க வைக்கிறார்கள். முன்பதிவு எல்லாம் ஒரே மெயிலில்தான் வரும். ஒருநாள் கூப்பிட்டு, "தம்பி, யாரோ சென்னையில உக்காந்து என் மெயிலைப் பாக்குறாங்க" என்றார்கள். பட்டியலில் மூன்று வரிகள் இருந்தன: ஆச்சியின் போன் சென்னை என்று, கணக்கு எழுதும் பையனின் போன் மதுரை என்று, அப்புறம் ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டர் காரைக்குடி என்று. ஆச்சி பயந்தது முதல் வரியைப் பார்த்து. காரைக்குடி என்று இருந்ததால் மூன்றாவதை அவர்கள் கண்டுகொள்ளவே இல்லை. அந்த வீட்டில் விண்டோஸ் கம்ப்யூட்டரே கிடையாது!

ஊரை மறைத்துக்கொண்டு படித்தால் அந்தப் பக்கம் மிக நன்றாகப் பேசுகிறது. முதலில் கருவியின் வகை: இது நம்மிடம் இருக்கிறதா? அடுத்து, அந்த வரியைத் தொட்டால் வரும் விவரத்தில் எந்த பிரவுசர், எப்போது லாகின் ஆனது, கடைசியாக எப்போது பயன்பட்டது. விண்டோஸ் வரியின் லாகின் தேதியைச் சொன்னதும் ஆச்சிக்கு ஞாபகம் வந்துவிட்டது. சிங்கப்பூரில் இருக்கும் மகன் அனுப்பிய விமான டிக்கெட்டை ஒரு ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்த நாள் அது. கடைப் பையன்தான் மெயிலைத் திறந்து கொடுத்தான். மூடும்போது ஜன்னலை மட்டும் மூடியிருக்கிறான், சைன் அவுட் செய்யவில்லை. கடைசியாகப் பயன்பட்ட தேதி அதற்குப் பல நாள் கழித்து இருந்தது. அடுத்து வந்த வாடிக்கையாளர் யாராவது ஜிமெயிலைத் திறந்தாலே ஆச்சியின் பெட்டி விரிந்திருக்கும். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் விருந்தினர்களின் பாஸ்போர்ட் நகல்கள் கிடக்கும் பெட்டி அது.

'Sign out' அழுத்தினோம். வேலை முடிந்தது என்று ஆச்சி நினைத்தார்கள். எனக்கு அந்த நிம்மதி வரவில்லை. சைன் அவுட் என்பது அந்த செஷனை வெட்டுவது மட்டும்தான், பாஸ்வேர்டு அப்படியே இருக்கும். பயந்தபடியே சில நாளில் 'Security alert' என்று மெயில் வந்தது: விண்டோஸில் புதிய லாகின். அந்தக் கடை பிரவுசர் பாஸ்வேர்டைச் சேமித்து வைத்திருந்திருக்கிறது. யாரோ திறக்க, அதுவே நிரப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டது. அப்போதுதான் பாஸ்வேர்டை மாற்றினோம், பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு உறுதியும் கேட்கும் 2-Step Verification போட்டோம். பாஸ்வேர்டு மாற்றினால் பெரும்பாலான கருவிகளில் தானாகவே வெளியேற்றிவிடும். ஆனால் நம் அடையாளத்தை உறுதி செய்யப் பயன்படும் போனும், நாம் அனுமதி கொடுத்த சில வெளி ஆப்களும் தப்பித்துக்கொள்ளும். அதனால் மாற்றிய பிறகும் பட்டியலை ஒரு தடவை பார்க்க வேண்டும்.

இந்த எச்சரிக்கை மெயில்களைத்தான் எங்கள் பக்கத்தில் பலரும் தலைகீழாகப் படிக்கிறார்கள். 'New sign-in' என்று வந்தால் பதறுகிறார்கள். புதுப் போன் வாங்கி நீங்களே லாகின் செய்தாலும் அதே மெயில்தான் வரும். நேரமும் கருவியும் பொருந்தினால் விட்டுவிடலாம். மாறாக, உங்கள் பாஸ்வேர்டைப் போட்டு யாரோ முயன்றார்கள், தடுத்துவிட்டோம் என்று வந்தால், "அதான் தடுத்துட்டாங்களே" என்று நிம்மதியாகிறார்கள். இரண்டில் ஆபத்தானது இதுதான். சரியான பாஸ்வேர்டு யார் கையிலோ இருக்கிறது என்று அது சொல்கிறது. அன்றைக்கே மாற்ற வேண்டும், அதே பாஸ்வேர்டைப் போட்டு வைத்திருக்கும் மற்றக் கணக்குகளிலும். கேட்காமலே ஓடிபி மட்டும் வந்தால் அதை யாரிடமும் சொல்லாமல் இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். பாஸ்வேர்டு படியைத் தாண்டிவிட்டு யாராவது அங்கே நிற்கலாம், அதையும் பார்த்துவிடுங்கள்.

மெயில் உண்மையா என்று அனுப்பியவர் முகவரியை வைத்து முடிவு செய்ய முடியாது. 2025 ஏப்ரலில் வெளியே வந்த ஒரு மோசடியில், no-reply@accounts.google.com என்ற உண்மையான முகவரியிலிருந்தே வந்ததாகக் காட்டிய மெயில், கூகுளின் டிஜிட்டல் கையெழுத்துச் சோதனையிலும் தேறியது. கூகுள் கையெழுத்திட்ட ஒரு மெயிலை அப்படியே எடுத்து மற்றவர்களுக்குத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். மாட்டிக் கொடுத்தது லிங்க்தான். அது sites.google.com பக்கத்துக்குப் போனது, அங்கே யார் வேண்டுமானாலும் பக்கம் கட்டலாம். லாகின் நடக்கும் இடம் accounts.google.com. ஆச்சிக்கு இவ்வளவு சொல்லவில்லை. "மெயில்ல இருக்கிற எதையும் தொடாதீங்க. நீங்களே myaccount.google.com/notifications போய்ப் பாருங்க. அங்க அந்த எச்சரிக்கை இல்லேன்னா மெயிலைத் தூக்கிப் போடுங்க" என்றேன். அந்த முகவரியைப் போனில் புக்மார்க் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

ஆக, இந்தப் பக்கம் நல்லதா? ஆச்சியின் பெட்டியைக் காப்பாற்றியது இதுதான், வேறெந்த வழியிலும் அந்தக் கடைக் கம்ப்யூட்டர் எங்கள் கண்ணில் பட்டிருக்காது. இருந்தாலும் வயதானவர்களிடம் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஊர்ப் பெயரைக் கண்ணில் படுகிற மாதிரி வைத்துவிட்டு, லாகின் தேதியை ஒரு தொடுதல் தள்ளி உள்ளே வைத்திருப்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை. இன்றைய மனநிலையில் ஐந்துக்கு இரண்டுதான் தருவேன்.

நண்பருக்கு ஒன்று. நீங்களும் லாரி புக்கிங் ஆபீஸ் கம்ப்யூட்டரில் மெயில் திறந்து பில் பிரிண்ட் எடுப்பவர். இன்றைக்கே பட்டியலில் விண்டோஸ் என்று வரும் ஒவ்வொரு வரியையும் தொட்டு லாகின் தேதியைப் பாருங்கள். பட்டறை கம்ப்யூட்டர் இல்லாத எதுவாக இருந்தாலும் வெளியேற்றிவிட்டு, உடனே பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். இனிமேல் பில்லை அவர்கள் ஆபீஸ் மெயிலுக்கே அனுப்பிவிடுங்கள், அவர்களே பிரிண்ட் எடுத்துக் கொடுக்கட்டும்.