‘ரெஃபரன்ஸ்தான் சார்’: டீத்தூள் பாக்கெட்டுக்கு டிசைன் வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கோத்தகிரிப் பக்கம் சொந்த பிராண்டில் டீத்தூள் விற்கும் சிறிய கம்பெனி ஒன்றுக்கு ஒரு போட்டோகிராஃபரிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. பாக்கெட் டிசைனுக்குப் பேசிய பணம் முழுவதையும் கொடுத்து, பில்லும் வாங்கி வைத்திருந்தவர்கள் அவர்கள். குன்னூரிலும் ஊட்டியிலும் சாக்லேட், தைலம், டீத்தூள் என்று பிராண்டு போடுகிறவர்கள் பலர் இதே மாதிரி வேலை வாங்குவதால், நடந்ததைப் பிரித்துச் சொல்கிறோம்.

பவுச்சின் முகப்பில் மூன்று படங்கள் ஒட்டுப்போட்டிருந்தன. பின்னால் பனி மூடிய பள்ளத்தாக்கு, நடுவில் பாலத்தின் மேல் மலை ரயில், முன்னால் கொழுந்து பறிக்கும் ஒரு பெண். பெண்ணின் உருவம் மட்டும் பெயின்டிங் மாதிரி இருந்தது. நோட்டீஸ் வந்தது அந்த உருவத்துக்காகத்தான். டிசைனரைக் கேட்டபோது வந்த பதில்: “ரெஃபரன்ஸ்தான் சார் எடுத்தேன். மேல வரைஞ்சது நான்.” அதன்பிறகு அவர் போன் எடுக்கவில்லை.

இந்தப் பதிலில்தான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். போட்டோவின் மேல் புது லேயர் போட்டு, விளிம்பைப் பிடித்து வரைந்து, பிறகு அடியிலிருக்கும் போட்டோவை அழித்துவிட்டால் வருவது புதுப்படம் இல்லை. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி போட்டோ ஒரு கலைப்படைப்பு. அதை நகலெடுக்கும் உரிமையும் மாற்றியமைக்கும் உரிமையும் அதன் உரிமையாளருக்கே. ‘30 சதவீதம் மாற்றினால் போதும்’ என்று டிசைனர்கள் சொல்வதற்குச் சட்டத்தில் எங்கும் இடமில்லை. ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் 1978-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன அளவுகோல் வேறு. கருத்து யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் இரண்டையும் பார்க்கும் சாதாரண ஆளுக்கு ‘இது அதன் நகல்தான்’ என்று ஐயமில்லாமல் பட்டால் அது மீறல். கொழுந்து பறிப்பது கருத்து. அதே கோணம், அதே தலைச்சாய்வு, இடது கன்னத்தில் விழும் அதே வெளிச்சம், கூடையின் கயிறு நெற்றியில் பதியும் அதே இடம் எல்லாம் போட்டோகிராஃபரின் தேர்வு.

லண்டனில் 2012-இல் தீர்ப்பான ஒரு வழக்கும் டீ கம்பெனி மீதுதான். கறுப்பு வெள்ளைப் பின்னணியில் சிவப்புப் பேருந்து மட்டும் நிறத்தோடு தெரியும் ஒரு படத்தைப் பார்த்து, வேறு போட்டோக்களைச் சேர்த்து அதேபோல் ஒன்றை உருவாக்கி டீ டப்பாவில் போட்டார்கள். மூலப்படத்தின் ஒரு துண்டைக்கூட வெட்டி ஒட்டவில்லை. அப்படியும் மீறல் என்றே தீர்ப்பானது. அது இந்திய நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் வெட்டி ஒட்டாததால் மட்டும் தப்பிவிடலாம் என்று நினைப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது.

சரியான ரெஃபரன்ஸ் என்றால் பல படங்களைப் பார்த்து, கூடை எப்படித் தொங்கும், விரல் கொழுந்தை எப்படிக் கிள்ளும் என்று தெரிந்துகொண்டு, கோணத்தையும் வெளிச்சத்தையும் தானே முடிவு செய்து வரைவது. அதைவிட எளிது, ஒரு நாள் ஆள் வைத்துப் படம் எடுப்பது. நீலகிரியில் உட்கார்ந்துகொண்டு கொழுந்து பறிக்கும் படத்தை இணையத்தில் தேடுவானேன்? படத்தில் இருக்கும் பெண்ணிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். போட்டோகிராஃபர் தரும் உரிமம் அவருடைய சம்மதத்துக்கு ஈடாகாது.

இனி மற்ற இரண்டு லேயர்கள். டிசைனர் அனுப்பியிருந்த PSD என்ற போட்டோஷாப் ஃபைலைத் திறந்தபோது பள்ளத்தாக்கு லேயரின் பெயரே காட்டிக்கொடுத்தது. `istockphoto-` என்று தொடங்கி `612x612` என்று முடிந்தது. அது பணம் கட்டாமல் இறக்கும் மாதிரிப்படத்தின் அளவு. 612 பிக்சல் என்றால் 300 டிபிஐ அச்சில் 5 சென்டிமீட்டர்தான் வரும். பவுச்சின் அகலமோ 14. இழுத்துப் பெரிதாக்கிய மங்கலையும் வாட்டர்மார்க்கையும் மறைக்கத்தான் அத்தனை பனி! பெயரை மாற்றியிருந்தால், exiftool என்ற இலவச நிரலில் கீழே உள்ள கட்டளையைக் கொடுத்து, ஃபைலுக்குள் பதிந்திருக்கும் எடுத்தவர் பெயரைப் பாருங்கள், சில சமயம் மூலம் தெரியும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் இந்தத் தகவல் இருக்காது, அதனால் மூல ஃபைலையே கேளுங்கள்.

```
exiftool -Artist -Copyright -By-line photo.jpg
```

முறையாக வாங்கியிருந்தால் இந்த லேயரில் சிக்கலே இல்லை. பெரிய ஸ்டாக் தளங்களின் சாதாரண உரிமமே 5 லட்சம் பிரதிகள் வரை அச்சிட விடுகிறது. ஆனால் அதே படத்தை லோகோவிலோ டிரேட்மார்க்கிலோ சேர்க்க முடியாது. ‘எடிட்டோரியல்’ என்று குறித்திருந்தால் பாக்கெட்டில் போடவே கூடாது.

ரயில் படம் விக்கிமீடியா காமன்ஸில் இருந்து எடுத்தது, CC BY-SA உரிமம். ‘ஃப்ரீ படம்தானே’ என்று எல்லாரும் நினைக்கும் இடம் இது. அந்த உரிமத்தில் எடுத்தவர் பெயர் போட வேண்டும். மாற்றிக் கலந்து ஒரு படம் செய்தால் அந்தப் படத்தையும் அதே உரிமத்தில், யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று விட வேண்டும். ஸ்டாக் தளம் அப்படி விட அனுமதிக்காது, பெண்ணின் போட்டோகிராஃபரும் ஒப்பமாட்டார். ஆக, மூன்றுக்கும் கேட்ட பணத்தைக் கட்டினாலும் இந்த ஒட்டுப்படத்தைச் சட்டப்படி நேராக்க முடியாது. ஒரு லேயர் வெளியே போக வேண்டும், அல்லது ரயில் படம் எடுத்தவர் தனியாக உரிமம் எழுதித்தர வேண்டும்.

நோட்டீஸ் வந்தால் முதல் வேலை விற்பனையை நிறுத்துவது. தெரியாமல் செய்தோம் என்று நிரூபித்தால் 55-ஆம் பிரிவு நஷ்டஈட்டிலிருந்து காக்கலாம். தடையாணையும் லாபத்தில் பங்கும் அப்போதும் உண்டு. நோட்டீஸைப் படித்த பிறகும் விற்றால் ‘தெரியாது’ என்று சொல்ல வழியில்லை. தெரிந்தே மீறினால் 63-ஆம் பிரிவில் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை. வழக்கைப் போட்டோகிராஃபர் தான் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம் என்பதால், ஊட்டி கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். ‘பதிவு செய்திருக்கிறாரா’ என்று கேட்டும் பயனில்லை, பதிப்புரிமைக்குப் பதிவு கட்டாயமில்லை. மூல ஃபைலைக் காட்டச் சொல்லுங்கள், அது நியாயமான கேள்வி.

அடுத்த முறை ஆர்டர் கொடுக்கும்போது ஒவ்வொரு லேயருக்கும் மூலம் எது, உரிம ரசீது யார் பெயரில், எத்தனை பிரதிக்கு என்று எழுதி வாங்கிக்கொண்டு, அது கைக்கு வந்த பிறகு பாக்கிப் பணத்தைக் கொடுங்கள். காலமும் இடமும் எழுதாத உரிமம் 5 ஆண்டுக்கும் இந்தியாவுக்கும் மட்டுமே என்று சட்டமே வைத்துக்கொள்ளும். துபாய்க்கு டீத்தூள் அனுப்புகிறவர்கள் ‘உலகம் முழுவதும்’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

கோத்தகிரிக்காரர்கள் பெண்ணின் படத்துக்குக் கையிருப்புப் பவுச்சுகளின் எண்ணிக்கையைக் குறித்து ஒரு முறை உரிமம் வாங்கினார்கள். பள்ளத்தாக்குக்கு ஸ்டாக் உரிமம் வாங்கினார்கள். ரயில் படம் எடுத்தவருக்குக் காமன்ஸ் பக்கம் வழியாக எழுதி, இருப்பு தீரும் வரை தனி அனுமதி பெற்றார்கள். அடுத்த அச்சுக்குப் படம் முழுவதும் புதிது. ரோட்டோ அச்சில் நிறத்துக்கு ஒரு சிலிண்டர் என்பதால் படத்தின் நான்கு வண்ணச் சிலிண்டரையும் மறுபடி வெட்ட வேண்டியிருந்தது. பழையதில் தேறியது வெள்ளைக்கான சிலிண்டர் ஒன்றுதான்.