ஒத்திவைத்த நினைவூட்டல் ஒன்றாகவே திரும்ப வேண்டும்: ஆண்ட்ராய்டில் நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

பினாங்கில் வீட்டுப் பெரியவர்களின் கைப்பேசிகளில் மாத்திரை நினைவூட்டல் செயலிகளை நெடுநாள் ஓடவிட்டுப் பார்த்ததில் ஒன்று தெளிவாகிறது. நல்ல செயலிக்கும் தொல்லை தரும் செயலிக்கும் உள்ள வேறுபாடு முதல் வாரத்தில் தெரியாது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை போய், பேட்டரி தீர்ந்த கைப்பேசியை மூன்றாம் நாள் மறுபடி திறக்கும்போதுதான் தெரியும்.

காலை 8, இரவு 8 என இரண்டு வேளை இரத்த அழுத்த மாத்திரை என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் காலை 7 மணிக்கு அணைந்த கைப்பேசி, மூன்றாம் நாள் காலை 9.30க்கு உயிர் பெறுகிறது. இடையில் ஐந்து வேளை போய்விட்டது. மோசமாக எழுதிய செயலி ஐந்து அறிவிப்புகளையும் வரிசையாக அடுக்கும். இதில் எரிச்சலைவிட ஆபத்துதான் பெரிது: விட்டதையெல்லாம் சேர்த்து விழுங்க வேண்டுமோ என்று முதியவர் ஒருவர் நினைத்துவிடலாம்.

கைப்பேசி அணைந்தால் ஆண்ட்ராய்டு எல்லா அலாரங்களையும் மறந்துவிடும். அதனால் செயலி `BOOT_COMPLETED` செய்தியைக் கேட்டு அவற்றை மீண்டும் பதிய வேண்டும். அந்த இடத்தில் கடந்துபோன ஒவ்வொரு வேளைக்கும் அறிவிப்பு எழுப்பும்படி எழுதிவிடுவதுதான் அறிவிப்புகள் இப்படிக் குவியக் காரணம். கடைசி வேளையை மட்டும் கண்டுபிடித்தால் போதும்:

```kotlin
while (due.plusHours(12) <= now) due = due.plusHours(12)
```

இங்கே `due` மூன்றாம் நாள் காலை 8 மணியில் வந்து நிற்கும். அந்த வேளைக்கான கெடு நண்பகல் 12 என்றால் இன்னும் நேரம் இருக்கிறது. ஆக ஓர் அறிவிப்பு மட்டும் வரும்: "இன்று காலை 8 மணி மாத்திரை". மற்ற நான்கும் செயலிக்குள் உள்ள வரலாற்றில் ‘விட்டுப்போனது’ என்று ஓசையில்லாமல் பதிவானால் போதும். கெடு எத்தனை மணி நேரம் என்பது மருந்துக்கு மருந்து மாறும். அதை மருந்தாளரிடம் கேட்டு வைக்க வேண்டும்.

இனி ஒத்திவைப்பு. பொத்தானை அழுத்தினால் புதிய நினைவூட்டல் பிறக்கக் கூடாது, இருப்பதன் நேரம் மட்டும் நகர வேண்டும். `PendingIntent`-இன் கோரிக்கை எண், `notify()`-இல் தரும் எண் இரண்டுமே அந்த வேளைக்கு உரிய மாறாத எண்ணாக இருந்தால், பழைய அலாரத்தின் இடத்தைப் புதியது பிடித்துக்கொள்ளும். அந்த நேரத்து மணியை எண்ணாகக் கொடுக்கும் செயலிகளில் பழையதும் அப்படியே இருந்து, ஒரே மாத்திரை இரண்டு முறை கூப்பிடும். ஐயம் வந்தால் இரண்டு முறை ஒத்திவைத்துவிட்டு `adb shell dumpsys alarm` ஓட்டிப் பாருங்கள். அந்த நினைவூட்டலுக்கு இரண்டு வரி தெரிந்தால் கோளாறு இதுதான்.

இடைவெளியை ஒரே அளவில் வைப்பதைவிட 15, 30, 60 நிமிடம் என விரிப்பது நடைமுறையில் நன்றாக இருக்கிறது. வந்ததும் அழுத்தினால் 8 மணி அறிவிப்பு 8.15, 8.45, 9.45, 10.45, 11.45 எனத் திரும்பும். அடுத்தது 12.45 என்பதால் கெடுவைத் தாண்டிவிடும், ஆகவே 11.45 அறிவிப்பில் ஒத்திவைக்கும் பொத்தானே இருக்கக் கூடாது. ‘எடுத்தாயிற்று’, ‘இந்த வேளை வேண்டாம்’ என்ற இரண்டு மட்டும் இருக்கட்டும். முந்தைய அறிவிப்புகளில் ‘ஒத்திவை’ என்று பொதுவாக எழுதாமல் ‘8.45க்கு மீண்டும்’ என்று நேரத்தையே எழுதினால், அழுத்துபவருக்குத் தான் எதற்கு ஒப்புக்கொள்கிறோம் என்பது தெரியும்.

ஐந்து நிமிட ஒத்திவைப்பை நம்ப வேண்டாம். மேசைமேல் அசையாமல் கிடக்கும் கைப்பேசி `Doze` எனும் ஆழ்உறக்கத்துக்குப் போனபின், `setExactAndAllowWhileIdle` கூட ஒரு செயலிக்கு ஒன்பது நிமிடத்துக்கு ஒரு முறைக்கு மேல் ஒலிக்காது. தவிர, ஆண்ட்ராய்டு 14இல் புதிதாக நிறுவும் பெரும்பாலான செயலிகளுக்குத் துல்லிய அலாரத்துக்கான அனுமதி தானாகக் கிடைப்பதில்லை. அமைப்புகளில் போய்க் கொடுக்காவிட்டால் 8.15 அறிவிப்பு பிந்தி வரக்கூடும்.

அறிவிப்பை விரலால் தள்ளிவிடுவது பலரும் கவனிக்காத இடம். மொத்தமாக ‘எல்லாவற்றையும் அழி’ என்று அழுத்துபவர் மாத்திரை எடுத்துவிட்டார் என்று பொருள் இல்லை. `setDeleteIntent` மூலம் அதைப் பிடித்து, வழக்கமான ஒத்திவைப்பாகவே நடத்துவது சரி. ஆனால் மின்கட்டண நினைவூட்டலுக்கு இதே பிடிவாதம் வேண்டாம். தள்ளிவிட்டால் மறுநாள் மாலை வந்தால் போதும். அங்கே நிமிடக் கணக்கு பொருந்தாது. கட்டணத்தின் கடைசி நாளில் மட்டும் அன்றைக்குள்ளேயே திரும்பும்படி வைக்கலாம்.