காந்தம் ஒட்டியது, பாலும் ஒட்டியது

போன வாரம் சித்தி மகள் கோவையிலிருந்து போன் செய்தாள். வேலை கிடைத்துப் புதிதாக வாடகை வீட்டில் குடியேறியிருக்கிறாள். "அக்கா, நீ வெச்சிருக்கிற அதே இண்டக்‌ஷன் அடுப்பு இப்ப அறுநூறு ரூபா குறைஞ்சிருக்கு. வாங்கிடட்டுமா?" என்றாள். அடுப்பைப் பற்றி இரண்டு நிமிடம் சொன்னேன். பாத்திரத்தைப் பற்றி இருபது நிமிடம் சொன்னேன். அவளிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான்கு வருடமாக வைத்திருக்கிறேன். அடுப்பின் மேல் எனக்குப் பெரிய குறை கிடையாது. தண்ணீர் வேகமாகக் கொதிக்கிறது, மேடை சூடாவதில்லை, துடைத்தால் சுத்தம். மின்விசிறி சத்தத்துக்குக் காது பழகிவிட்டது. என் கோபமெல்லாம் ஒரு பால் பாத்திரத்தின் மேல்தான்.

அடுப்பு வாங்கிய அன்றே ஒரு எவர்சில்வர் பாத்திரமும் வாங்கினேன். அடியில் இண்டக்‌ஷனுக்கு ஏற்றது என்று அச்சே குத்தியிருந்தார்கள். காந்தம் வைத்துப் பார்த்தேன், பச்சென்று ஒட்டியது. கடைக்காரர் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்தும் காட்டினார். மறுநாள் அரை லிட்டர் பால் வைத்தேன். பால் பொங்கவே இல்லை, அதற்குள் தீய்ந்த வாடை வந்துவிட்டது. ஊற்றிப் பார்த்தால் அடியில் வளையல் மாதிரி ஒரு பழுப்பு வட்டம். நடுவில் ஒன்றுமில்லை, ஓரத்திலும் ஒன்றுமில்லை. வட்டத்தில் மட்டும் பால் கருகி ஒட்டியிருந்தது. தினமும் தேய்த்தேன், தினமும் அதே இடத்தில் அதே வட்டம். ஆறு மாதம் என் கவனக்குறைவு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வட்டம் எங்கிருந்து வருகிறது என்றால், கண்ணாடிக்குக் கீழே செப்புக் கம்பிச் சுருள் ஒன்று வட்டமாக இருக்கிறது. அது உண்டாக்கும் காந்தப்புலம் பாத்திரத்தின் அடியில் மின்சாரத்தைச் சுழலவிடுகிறது, அந்த மின்சாரம்தான் சூடாகிறது. சுருளின் நடுவில் கம்பி இல்லை. அதனால் பாத்திரத்தின் நட்டநடுவிலும் சூடு குறைவு. நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையே ஒரு வளையத்தில்தான் சூடு பிறக்கிறது, அதுவும் உலோகத்தின் அடிப்புறத்தில் மிக மெல்லிய ஒரு படலத்தில் மட்டும். கேஸ் அடுப்பில் தீ பரவி, பக்கவாட்டிலும் ஏறும். இங்கே அப்படி இல்லை. பிறந்த சூட்டைப் பக்கத்துக்குக் கொண்டுபோகிற வேலை முழுவதும் பாத்திரத்தின் அடியுடையது.

எவர்சில்வர் அந்த வேலையை மிக மோசமாகச் செய்யும். அலுமினியம் அதைவிடப் பல மடங்கு நன்றாகச் சூட்டைக் கடத்தும். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத எவர்சில்வர் அடியில் சூடு பக்கவாட்டில் போக வழியே இல்லை. பிறந்த இடத்திலிருந்து நேராக மேலே ஏறிப் பாலைப் பிடிக்கிறது. சமையல் குறிப்பு எழுதுகிறவர்கள் "அடி கனமான பாத்திரத்தில்" என்று தொடங்குவார்கள். இண்டக்‌ஷனில் அந்த மூன்று சொல்லை யாரும் தாண்டிப் போகக் கூடாது.

இன்னொன்றும் இருக்கிறது, இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ரொம்ப நாள் ஆனது. பால் தீய்கிறதே என்று 400 வாட்டுக்குக் குறைத்தேன். அப்படியும் தீய்ந்தது. உற்றுப் பார்த்தபோது பால் சில நொடி குமுறுகிறது, அப்புறம் சில நொடி அடங்குகிறது, மறுபடி குமுறுகிறது. என் அடுப்பு குறைந்த சூட்டைத் தொடர்ந்து தருவதில்லை. பெரிய சூட்டையே விட்டுவிட்டுத் தருகிறது, சராசரிதான் 400. வீட்டில் வாங்கும் சாதாரண அடுப்புகள் பலவும் இப்படித்தான். பாத்திரத்தின் அடி கனமாக இருந்தால் அந்தப் பெரிய சூட்டைத் தாங்கிக்கொண்டு, மெல்ல விடும். மெல்லிய அடிக்கு ஒவ்வொரு முறையும் அது நேரடித் தாக்குதல்.

அம்மா வந்திருந்தபோது தன் பாயசப் பாத்திரத்தைக் கொண்டுவந்திருந்தார். மூன்றடுக்கு அடி: உள்ளே எவர்சில்வர், நடுவில் தடித்த அலுமினியத் தட்டு, வெளியே காந்தம் ஒட்டும் எவர்சில்வர். அடி மட்டும் நாலைந்து மில்லிமீட்டர் இருக்கும். அதே அரை லிட்டர் பால், அதே 400. பொங்கி வந்தது, ஊற்றினேன், அடியில் மெல்லிய ஆடையைத் தவிர எதுவும் இல்லை. அன்றைக்குத்தான் தவறு என்னுடையது இல்லை என்று நிம்மதியாக இருந்தது, அந்த அச்சைக் குத்தியவர்கள் மேல் கோபமும் வந்தது.

காந்தச் சோதனை பொய் இல்லை, பாதிதான் சொல்லும். அதிலும் அடியின் நடுவில் வைத்துப் பார்க்க வேண்டும். சில பாத்திரங்களில் எவர்சில்வரை அழுத்தி வளைத்த மூலைகளில் மட்டும் லேசாக ஒட்டும், நடுவில் நழுவிவிடும். அந்தப் பாத்திரத்தை அடுப்பு ஏற்காது. என் வீட்டில் பழைய எவர்சில்வரில் பாதிக்கு மேல் ஒட்டவில்லை. வெறும் அலுமினியம், பித்தளை, செம்பு, மண்சட்டி எதுவும் ஆகாது. பாட்டியின் ஈயச்சொம்பும் ஆகாது, ரசம் இன்றுவரை கேஸில்தான்.

கடையில் காட்டும் தண்ணீர்ச் சோதனையோ ஏமாற்றிவிடும். பாத்திரம் நிறையத் தண்ணீர் ஊற்றினால் தண்ணீரே சுழன்று சூட்டைச் சமமாக்கிவிடும், மெல்லியதும் கனத்ததும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கொதிக்கும். அதனால் அடி மூடும் அளவு, அரை விரற்கடைதான் ஊற்றச் சொல்லுங்கள். மிதமான சூட்டில் குமிழி எங்கே முதலில் வருகிறது என்று பாருங்கள். தெளிவான வளையமாக வந்து நடுப்பகுதி சும்மா கிடந்தால் அடி மெல்லியது. பரவலாக வந்தால் நல்லது. வீட்டில் என்றால் இன்னும் நன்றாகத் தெரிய ஒரு வழி: காய்ந்த பாத்திரத்தில் மைதாவை மெல்லிய படலமாகத் தூவிக் குறைந்த சூட்டில் வையுங்கள். நிறம் மாறத் தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும், விட்டால் மெல்லிய அடி வளைந்துவிடும். எந்த இடம் முதலில் பழுப்பாகிறதோ அங்கேதான் நாளை பால் தீயும்.

வளைந்த அடியையும் பார்த்துவிடுங்கள். ஒரு ஸ்கேலைக் குறுக்கே வைத்தால் போதும். நடு கீழே தள்ளியிருந்தால் கண்ணாடி மேல் பம்பரமாகச் சுற்றும். நடு மேலே குழிந்திருந்தால் இடைவெளி விழுந்து சூடு குறையும். தவிர, கண்ணாடிக்கு அடியிலுள்ள வெப்ப உணரி பாத்திரத்தின் சூட்டைத் தாமதமாகத்தான் உணரும், காலி பாத்திரத்தை மறந்துவிட்டால் அடுப்பு நிற்கவும் தாமதமாகும். என் பால் பாத்திரம் இரண்டாவது வருடம் இப்படிக் குழிந்தது. சில நாள் அடுப்பு அதைப் பார்க்கவே மறுத்து E0 என்று காட்டியது.

தோசைக்கல்லுக்கு மட்டும் கனமும் காப்பாற்றவில்லை. இரும்புக்கல் நல்ல கனம்தான், காந்தமும் ஒட்டும். ஆனால் சுருளைவிடக் கல் பெரிது, இரும்பு அவ்வளவு வேகமாகச் சூட்டைப் பரப்பாது. 600 வாட்டில் ஏழெட்டு நிமிடம் காயவிட்டால் சின்ன தோசை நன்றாக வரும். பெரிதாக விரித்தால் ஓரம் வேகாது. சூட்டைக் கூட்டினால் வளையம் கருகும்.

அவளிடம் அடுப்பை இவ்வளவு புகழ்ந்துவிட்டு, கடைசியில் இப்போதைக்கு வாங்காதே என்றுதான் சொன்னேன். அறுநூறு ரூபாய் குறைந்ததற்காக அடுப்பை வாங்கி, கூடவே மெல்லிய பாத்திரம் மூன்று வாங்கினால் ஒவ்வொரு காலையும் தேய்ப்பதில் போகும். முதலில் அடி கனமான பாத்திரம் ஒன்றை வாங்கட்டும், அது கேஸிலும் ஆகும். "சரிக்கா, காந்தம் எடுத்துட்டுப் போறேன்" என்றாள். ஸ்கேலும் எடுத்துக்கொள் என்றேன்.